ஓடுபவன் ஏன் உதறுகிறான்?

பக்கவாட்டில் ஓடும் கேம்களில் இதைக் கவனித்திருப்பீர்கள். நாயகன் ஓடுகிறான், கேமரா அவனோடு நகர்கிறது, பின்னால் மரமும் மலையும் கடந்து போகின்றன. ஆனால் அவனை உற்றுப் பார்த்தால் உடம்பு மெல்ல உதறுகிறது. முகத்தின் விளிம்பு தெளிவாக நிற்காமல், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முகங்களை ஒட்டியதுபோல் மங்குகிறது. அவன் நின்றால் உதறல் நின்றுவிடும். ஓடத் தொடங்கினால் திரும்பவும் வரும். விளையாடுகிறவர் ‘கேம் லேக் ஆகுது’ என்று போனைக் குறை சொல்வார். கேமை உருவாக்கியவர் கேமராவைக் குறை சொல்வார். பெரும்பாலும் இரண்டின் மேலும் தப்பில்லை.

லேக் என்றால் கருவி திணறுகிறது என்று பொருள். நொடிக்கு 60 படம் காட்ட வேண்டிய இடத்தில் 25 படம்தான் காட்ட முடிகிறது. இந்த உதறல் அப்படிப்பட்டதல்ல. மூலையில் உள்ள எண்ணியைப் பார்த்தால் 60 என்று அசையாமல் நிற்கும். செயலி பாதி நேரம் சும்மா இருக்கும். விலை உயர்ந்த கணினியில் ஓட்டினாலும் உதறல் போகாது. ஏனென்றால் கோளாறு வேகத்தில் இல்லை. ஒரே கேமுக்குள் ஓடும் இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகாததுதான் காரணம்.

பெரும்பாலான கேம் இன்ஜின்களில் இந்த இரண்டு கடிகாரங்களும் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் கேம் செய்யப் பழகும்போது முதலில் தொடுவது பெரும்பாலும் யூனிட்டி என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். யூனிட்டியில் எழுதும் ஸ்கிரிப்ட்டுக்குள் மூன்று வாசல்கள் இருக்கின்றன. `Update` என்ற பெயரில் எழுதியது ஒவ்வொரு படத்துக்கும் ஒருமுறை ஓடும். படம் என்று இங்கே சொல்வது ஃபிரேமை. திரை நொடிக்கு 60 முறை புதுப்பித்தால், `Update` நொடிக்கு 60 முறை. `LateUpdate` என்பதும் ஃபிரேமுக்கு ஒருமுறைதான். ஆனால் எல்லா ஸ்கிரிப்ட்டுகளின் `Update` வேலையும் முடிந்த பிறகுதான் அதன் முறை வரும். மூன்றாவது `FixedUpdate`. இது ஃபிரேமைப் பற்றிக் கவலைப்படாது. இயற்பியல் கணக்குக்கு என்று குறித்த இடைவெளியில் ஓடும். யூனிட்டி தானாக வைத்துக் கொடுக்கும் இடைவெளி 0.02 நொடி, அதாவது நொடிக்கு 50 முறை.

திரைக்கு 60, இயற்பியலுக்கு 50. இதுதான் பிரச்சினை முழுவதும்.

இயற்பியலுக்கு ஏன் தனிக் கடிகாரம் என்று கேட்கலாம். ஃபிரேம் எப்போதும் ஒரே நீளத்தில் வராது. ஒன்று 16 மில்லிநொடி எடுக்கும், அடுத்தது 30 எடுக்கும். அந்த நீளத்தையே வைத்து விழுவதையும் மோதுவதையும் கணக்கிட்டால் ஒவ்வொரு கணினியிலும் விடை மாறும். 1999இல் வந்த ‘குவேக் 3 அரீனா’ இதற்குப் பேர்போன உதாரணம். அதில் குதியின் உயரமே ஃபிரேம் வேகத்தைப் பொறுத்துச் சற்று மாறும். நொடிக்கு 125 ஃபிரேம் என்று வைத்துக்கொண்டால் கொஞ்சம் கூடுதல் உயரம் போகலாம் என்று கண்டுபிடித்த ஆட்டக்காரர்கள் எல்லாரும் அதையே வைத்துக்கொண்டார்கள். இயற்பியலைத் திரையிலிருந்து பிரித்து, சமமான சிறு படிகளில் நடத்தினால் இந்த வேடிக்கை நடக்காது. 2004இல் கிளென் ஃபீட்லர் என்ற நிரலாளர் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை இன்றைக்கும் இத்துறையில் புதிதாக வருபவர்களைப் படிக்கச் சொல்வார்கள். பிரித்து நடத்தினால் உதறல் வரும் என்பதையும் அதை எப்படிப் போக்குவது என்பதையும் அவர் அதிலேயே சொல்லியிருக்கிறார். பலர் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பிரித்தவுடன் என்ன நடக்கிறது? சரியாக 20 நிமிடத்துக்கு ஒருமுறை பேருந்து வரும் நிறுத்தத்தைக் கிட்டத்தட்ட 17 நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். பெரும்பாலும் பார்க்கும்போதெல்லாம் ஒரு புதுப் பேருந்து வந்து போயிருக்கும். அவ்வப்போது ஒருமுறை மட்டும் ஒன்றும் வந்திருக்காது. பேருந்தும் தவறவில்லை, நீங்களும் தவறவில்லை. இரண்டு கால அட்டவணையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. நிமிடத்துக்குப் பதில் மில்லிநொடி போட்டால் அதுதான் யூனிட்டி.

எண்களில் பார்த்தால்

ஒரு கேமை எடுத்துக்கொள்வோம். நாயகன் வலப்பக்கம் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறான். அவன் மேல் `Rigidbody2D` பொருத்தியிருக்கிறது, அதாவது அவனை நகர்த்துவது இயற்பியல் கணக்கு. திரை 60 ஹெர்ட்ஸ். திரையில் 1 மீட்டருக்கு 100 பிக்சல். ஓட்டத்துக்கான வரி இவ்வளவுதான்:

```csharp
void FixedUpdate() {
    rb.linearVelocity =
        new Vector2(5f, rb.linearVelocity.y);
}
```

யூனிட்டி 6க்கு முந்தைய பதிப்புகளில் `linearVelocity` என்பதற்குப் பதில் `velocity` என்று இருக்கும், வேலை ஒன்றே.

இயற்பியலின் ஒவ்வொரு படியிலும் நாயகன் 0.02 நொடிக்கு உரிய தூரம், அதாவது 10 சென்டிமீட்டர் முன்னேறுகிறான். திரையோ 16.7 மில்லிநொடிக்கு ஒரு படம் காட்டுகிறது. முதல் படம் 0வது மில்லிநொடியில் வந்தது என்று கொள்வோம். இரண்டாவது படம் 16.7இல் வருகிறது. அதற்குள் 20ஆம் மில்லிநொடி வரவில்லை என்பதால் இயற்பியல் ஒரு படியும் ஓடவில்லை. நாயகன் முதல் படத்தில் நின்ற அதே இடத்தில் நிற்கிறான். மூன்றாவது படம் 33.3இல். இப்போது ஒரு படி ஓடியிருக்கிறது, நாயகன் 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறான். அடுத்து 50, 66.7, 83.3, 100 ஆகிய நேரங்களில் வரும் படங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி கிடைக்கிறது. அதற்கடுத்த 116.7இல் மறுபடியும் ஒன்றுமில்லை.

ஆக, ஆறு படத்தில் ஒன்றில் நாயகன் நிற்கிறான், மீதி ஐந்தில் நகர்கிறான். மொத்தத் தூரம் சரியாகத்தான் இருக்கிறது, ஒரு நொடியில் 5 மீட்டர் கடந்துவிடுகிறான். ஆனால் படத்துக்குப் படம் சீராக 8.3 சென்டிமீட்டர் போக வேண்டியவன், 0, 10, 10, 10, 10, 10 என்று போகிறான். இந்தச் சுழற்சி 100 மில்லிநொடிக்கு ஒருமுறை, நொடிக்குப் பத்து முறை. அவன் இருக்க வேண்டிய இடத்துக்கும் காட்டப்படும் இடத்துக்கும் உள்ள இடைவெளி 8.3 சென்டிமீட்டரில் தொடங்கி, ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து பூஜ்யமாகி, மறுபடி சட்டென்று 8.3க்குத் தாவுகிறது. திரையில் அது 8 பிக்சல். நொடிக்குப் பத்து முறை 8 பிக்சல் ஆடினால் கண் விடாது பிடித்துவிடும்.

பழைய போன்களிலும், வேகத்தை 30 ஃபிரேமுக்குக் கட்டுப்படுத்திய கேம்களிலும் இது வேறு தாளத்தில் வரும். மூன்று படத்துக்கு ஐந்து படி. ஆகவே சில படங்களில் இரண்டு படி, ஒன்றில் ஒரே படி. நகர்வு 20, 20, 10 சென்டிமீட்டர் என்று நொண்டும். 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரே இடத்தை இரண்டு மூன்று படங்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டு ஒரு தாவு. அதிக விலை கொடுத்து வாங்கிய திரையில் ஆட்டம் 50 ஹெர்ட்ஸ் போலத் தெரியும்.

இவ்வளவும் நடக்கும்போது கேமரா அசையாமல் நின்றால் பலருக்கு இது கண்ணிலேயே படாது. திரையின் குறுக்கே ஓடும் ஒரு உருவத்தை நம் கண் துரத்திக்கொண்டு போகிறது. ஓட்டத்தில் சிறு தடங்கல் இருந்தாலும் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். கேமரா பின்தொடரத் தொடங்கியவுடன் நிலைமை மாறுகிறது. இப்போது நாயகன் திரையின் நடுவில் கிட்டத்தட்ட நிலையாக இருக்கிறான், நம் கண்ணும் அங்கேயே நிலைத்திருக்கிறது. நிலையாக இருக்க வேண்டிய பொருள் ஆடினால் தெரியாமல் போகுமா? கேமராவின் மேல் சந்தேகம் விழுவது இதனால்தான். கேமரா சேர்ந்த பிறகுதான் உதறல் தெரிந்தது, ஆகவே கேமராதான் காரணம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

கேமராவின் ஸ்கிரிப்ட் பொதுவாக இப்படி இருக்கும்:

```csharp
void LateUpdate() {
    Vector3 goal = player.position + offset;
    transform.position = Vector3.SmoothDamp(
        transform.position, goal, ref vel, 0.2f);
}
```

இதில் தவறு ஒன்றும் இல்லை. நாயகன் எங்கே இருக்கிறான் என்று பார்த்து, 0.2 நொடி அளவுக்கு மெத்தென்று அவனை நோக்கிப் போகிறது. மெத்தென்று போவதால்தான் நாயகனின் நின்று நின்று போகும் ஓட்டம் கேமராவில் ஏறுவதில்லை. கேமரா சீராகப் போகிறது, நாயகன் தத்தித் தத்திப் போகிறான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் திரையில் உதறலாகத் தெரிகிறது. கேமராவை இன்னும் மென்மையாக்கினால் உதறல் இன்னும் துலக்கமாகும். நடைமுறையில் பலர் முதலில் செய்வது அதைத்தான்.

இன்னொருவர் மென்மையாக்கலே வேண்டாம் என்று கேமராவை நாயகனோடு இறுகக் கட்டிவிடுகிறார். `player.position + offset` என்பதை அப்படியே கேமராவின் இடமாக வைத்தால் போதும். யூனிட்டி நிறுவனமே தரும் ‘ரோல்-அ-பால்’ என்ற தொடக்கப் பாடத்திலும் கேமரா இப்படித்தான் பந்தைத் தொடர்கிறது. இப்போது நாயகன் திரையில் கல்லாக நிற்கிறான். ஆனால் அவனது தத்தல் முழுவதும் கேமராவுக்குப் போய்விட்டது. ஆகவே பின்னணி உதறுகிறது: மரம், சுவர், தரை எல்லாம். ஒருவர் ‘என் நாயகன் நடுங்குகிறான்’ என்கிறார், இன்னொருவர் ‘என் உலகம் நடுங்குகிறது’ என்கிறார். இரண்டு பேருக்கும் நோய் ஒன்றே. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கை வைத்தியங்கள்

சரியான மருந்துக்கு முன் தவறான மருந்துகளைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இவை ஒவ்வொன்றும் கொஞ்ச நேரத்துக்கு வேலை செய்வதுபோலவே தெரியும்.

அதிகம் பேர் செய்வது கேமராவையும் `FixedUpdate` உள்ளே தூக்கிப் போடுவது. நாயகனும் கேமராவும் ஒரே கடிகாரத்தில் வந்துவிட்டதால் நாயகனின் உதறல் மாயமாகிவிடும். ‘சரியாகிவிட்டது’ என்று மகிழ்ந்துவிடுவார்கள். ஆனால் கேமராவே இப்போது நொடிக்கு 50 முறைதான் நகர்கிறது. திரை 60 படம் காட்டினாலும் அதில் பத்துப் படம் முந்தைய படத்தின் நகல். மொத்தக் காட்சியும் ஒன்றாகத் தத்துவதால் தனியாக எதுவும் உதறுவதாகத் தெரியாது, ஆனால் ஆட்டம் கனமாக, சேற்றில் நடப்பதுபோல் இருக்கும். மவுஸால் கேமராவைத் திருப்பும் ஆட்டமாக இருந்தால் கை உடனே உணர்ந்துவிடும்.

அடுத்தது இயற்பியலின் இடைவெளியைத் திரையோடு ஒத்துப்போகும்படி மாற்றுவது. 0.02ஐ 0.016667 ஆக்கிவிட்டால் 60க்கு 60 பொருந்திவிடுமே என்ற கணக்கு. பொருந்தும், கிட்டத்தட்ட. பல திரைகள் உண்மையில் 60 ஹெர்ட்ஸில் ஓடுவதில்லை, 59.94 என்பது மிகச் சாதாரணம். இந்தச் சிறு வேறுபாடு சேர்ந்து சேர்ந்து ஏறக்குறைய 17 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேமுக்கு இரண்டு படி ஓடும். இடைவிடாத உதறல் போய், எப்போதாவது ஒரு துள்ளல் வரும். அது கண்டுபிடிக்க இன்னும் கடினம். போதாததற்கு, 90 அல்லது 120 ஹெர்ட்ஸ் போனில் போட்டவுடன் பழைய கதைதான்.

இடைவெளியை 0.005 ஆகக் குறைத்தால்? நொடிக்கு 200 படி. நம் கணக்கில் ஆட்டத்தின் அளவு 8 பிக்சலிலிருந்து இரண்டரைக்கும் கீழே வரும். குறையும், ஆனால் ஒழியாது. இயற்பியல் வேலையோ நான்கு மடங்கு ஆகிவிடும். மலிவு விலைப் போனில் அந்தச் சுமை ஃபிரேமை நீட்டும். நீண்ட ஃபிரேமுக்குள் இன்னும் அதிகப் படிகள் ஓட வேண்டியிருக்கும். அது இன்னும் நீட்டும். இந்தச் சுழல் முற்றாமல் இருக்கத்தான் யூனிட்டியில் `Maximum Allowed Timestep` என்று ஒரு வரம்பு இருக்கிறது.

கடைசியாக, இயற்பியலை விட்டுவிட்டு `Update` உள்ளே `transform.position` ஐ நேரடியாக மாற்றுவது. ஓட்டம் வெண்ணெய்போல் ஆகிவிடும். ஆனால் சுவரில் மோதும்போது நாயகன் சுவருக்குள் புகுந்து, இயற்பியல் அவனை வெளியே தள்ள, மறுபடி புகுந்து, மறுபடி தள்ள, சுவரோரம் வேறொரு நடுக்கம் தொடங்கும். அது முதலில் இருந்ததைவிட அசிங்கமானது.

சரியான வழி

மருந்து ஃபீட்லர் சொன்னதுதான், யூனிட்டியில் அது ஒரே ஒரு தேர்வாக ஏற்கெனவே இருக்கிறது. நாயகனின் `Rigidbody2D` (முப்பரிமாணத்தில் `Rigidbody`) அமைப்பில் `Interpolate` என்று ஒரு வரி உண்டு. அது தானாக `None` என்றுதான் இருக்கும். அதை `Interpolate` என்று மாற்ற வேண்டும். இதைத் தமிழில் இடைக்கணிப்பு என்பார்கள்.

இது செய்வது எளிய வேலை. இயற்பியலின் கடைசி இரண்டு படிகளில் நாயகன் எங்கே இருந்தான் என்பதை யூனிட்டி நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும், கடைசிப் படிக்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது என்று பார்க்கிறது. அந்த விகிதத்தில் இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு புள்ளியைக் கணக்கிட்டு அங்கே நாயகனைக் காட்டுகிறது.

நம் உதாரணத்தில் 33.3ஆம் மில்லிநொடிப் படத்தை எடுங்கள். கடைசிப் படி 20இல் நடந்தது, அதற்கு முந்தையது 0இல். 20க்குப் பிறகு 13.3 மில்லிநொடி ஆகியிருக்கிறது, அதாவது ஒரு படியின் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே இரண்டு இடங்களுக்கும் நடுவில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், 13.3ஆம் மில்லிநொடியில் அவன் இருந்த இடத்தில் காட்டப்படுகிறான். அடுத்த படம் 50இல். கடைசிப் படி 40இல், முந்தையது 20இல், ஆகியிருப்பது பாதி. காட்டப்படுவது 30ஆம் மில்லிநொடி இடம். 13.3, 30, 46.7 என்று காட்டப்படும் நேரங்கள் சீராக 16.7 இடைவெளியில் வருகின்றன. நாயகன் படத்துக்குப் படம் சரியாக 8.3 சென்டிமீட்டர் நகர்கிறான். தத்தல் தீர்ந்தது.

இதற்கு விலை உண்டு. எல்லாப் படத்திலும் நாயகன் 20 மில்லிநொடி பழைய இடத்தில்தான் காட்டப்படுகிறான். நம் வேகத்தில் அது 10 சென்டிமீட்டர். சாதாரண ஓடி விளையாடும் ஆட்டத்தில் யாருக்கும் தெரியாது. கையின் வேகத்தை நம்பியிருக்கும் ஆட்டங்களில் சிலருக்கு உறுத்தும். அவர்களுக்காக `Extrapolate` என்று இன்னொரு தேர்வும் இருக்கிறது. அது அடுத்து எங்கே போவான் என்று முன்கூட்டி ஊகித்துக் காட்டும். ஊகம் தவறினால், உதாரணமாகச் சுவரில் மோதி நின்றால், ஒரு கணம் சுவருக்குள் தெரிந்துவிட்டுப் பின்வாங்குவான். என் கணிப்பில், நாயகனுக்கு `Interpolate` போதும்.

இடைக்கணிப்பை இயக்கிய பிறகு கேமரா `LateUpdate` உள்ளே இருக்க வேண்டும். முதலில் கேமராவை `FixedUpdate` உள்ளே போட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். `Interpolate` போட்டும் உதறல் போகவில்லை, சொல்லப்போனால் திரும்ப வந்துவிட்டது என்பார்கள். முன்பு இரண்டும் தத்தின. இப்போது நாயகன் சீராகப் போகிறான், கேமரா மட்டும் தத்துகிறது. கேமராவைத் திருப்பி `LateUpdate` உள்ளே கொண்டுவந்தால் தீர்ந்துவிடும். சினிமெஷின் என்ற கேமராத் தொகுப்பைப் பயன்படுத்துகிறவர்கள் இதே விஷயத்தை அதன் `Brain` பகுதியில் `Update Method` என்ற இடத்தில் பார்க்கலாம். இடைக்கணிப்பு இயங்கும்போது அங்கே `Late Update` பொருந்தும்.

மருந்தைக் கெடுக்கும் பத்தியக் குறைவுகள் இரண்டைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, இடைக்கணிப்பு இயங்கும்போது நாயகனின் `transform` ஐ யாரும் தொடக் கூடாது. `Update` உள்ளே எங்கோ ஒரு மூலையில் `transform.rotation` ஐ மாற்றும் ஒரு வரி இருந்தால் போதும், இடைக்கணிப்பு குலைந்துவிடும். முதல்நபர்ப் பார்வை ஆட்டங்களில் இது வாடிக்கை. நடப்பதற்கு இயற்பியல், திரும்புவதற்கு மட்டும் மவுஸ் அசைவை நேரடியாக `transform` மேல் எழுதிவிடுவார்கள். திரும்பிக்கொண்டே நடந்தால் மட்டும் உலகம் நடுங்கும். நேராக நடந்தால் ஒன்றும் இருக்காது. நடுக்கம் இப்படிச் சில நேரம் மட்டும் வந்தால் முதலில் தேட வேண்டியது அந்த வரியைத்தான். திருப்புவதற்கு `MoveRotation` இருக்கிறது, நகர்த்துவதற்கு வேகமும் `MovePosition`உம் இருக்கின்றன.

இரண்டு, கேமரா எந்த இடத்தைப் படிக்கிறது என்பது. `Update`, `LateUpdate` நேரத்தில் `transform.position` என்றால் இடைக்கணித்து மென்மையாக்கிய இடம் கிடைக்கும். `rb.position` என்றால் இயற்பியலின் பச்சையான இடம், தத்தித் தத்திப் போவது. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் இரண்டும் ஒன்றே என்று நினைத்து, ‘இயற்பியல் பொருளுக்கு `rb` தானே சரி’ என்று கேமராவிலும் `rb.position` எழுதிவிடுகிறவர்கள் உண்டு. கேமரா திரைக்காக இருப்பது. அது திரையில் தெரியும் இடத்தைத்தான் துரத்த வேண்டும்.

இயற்பியலே இல்லாத ஆட்டத்திலும் ஒரு சிறு உதறல் வரலாம். நாயகனும் கேமராவும் இருவருமே `Update` உள்ளே நகர்கிறார்கள் என்று வையுங்கள். நீங்களாக வரிசை குறிக்காத வரை, எந்த ஸ்கிரிப்ட் முதலில் ஓடும் என்று நம்பியிருக்க முடியாது. கேமரா முந்திக்கொண்டால் நாயகனின் போன ஃபிரேம் இடத்தைப் படிக்கும். ஃபிரேம்கள் ஒரே நீளமாக இருந்தால் அந்த வித்தியாசம் மாறாது, தெரியவும் தெரியாது. ஒரு ஃபிரேம் 16 மில்லிநொடியும் அடுத்தது 33ஆகவும் இருந்தால், நம் நாயகன் 8 பிக்சலுக்கும் 16 பிக்சலுக்கும் நடுவே ஆடுவான். எல்லாரும் நகர்ந்து முடித்த பிறகு கேமரா நகரட்டும் என்பதற்குத்தான் `LateUpdate` இருக்கிறது.

எந்தக் கடிகாரம் என்று கண்டுபிடிக்க

ஊகித்துக்கொண்டே வரிகளை மாற்றுவதைவிட நாயகனையே பேசவைப்பது நல்லது. கேமராவைத் தொடவே வேண்டாம். நாயகன் மேல் இந்தச் சிறு ஸ்கிரிப்ட்டை வைத்து ஒரு நொடி ஓடவிடுங்கள்:

```csharp
float lastX;
void LateUpdate() {
    float x = transform.position.x;
    Debug.Log(Time.frameCount + "  " + (x - lastX));
    lastX = x;
}
```

முதல் எண்ணை விட்டுவிடுங்கள். மீதியில் 0.1, 0.1, 0.1, 0.1, 0.1, 0 என்ற தாளம் தெரிந்தால் நாயகன் இயற்பியல் கடிகாரத்தில் தத்துகிறான், இடைக்கணிப்பு இயங்கவில்லை. 0.083ஐ ஒட்டியே எண்கள் வந்தால் நாயகன் சுத்தம். இதே ஸ்கிரிப்ட்டைக் கேமரா மேல் வைத்துப் பாருங்கள்.

கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்றால் `Project Settings` உள்ளே `Time` பக்கத்தில் `Fixed Timestep` ஐ 0.02 இலிருந்து 0.1 ஆக்கிவிட்டு ஓட்டுங்கள். இயற்பியல் கடிகாரம்தான் காரணம் என்றால் உதறல் ஐந்து மடங்கு பெரிதாகி, எது தத்துகிறது என்று விரல் நீட்டிக் காட்டிவிடும். சோதித்த பிறகு பழைய எண்ணைத் திரும்ப வைக்க மறக்காதீர்கள். 0.1இல் மோதல் கணக்குகள் எல்லாம் கோணலாகிவிடும்.

0.1 ஆக்கியும் உதறல் கொஞ்சமும் மாறவில்லை என்றால் இந்தக் கட்டுரையின் நோய் உங்களுக்கு இல்லை. எடிட்டருக்குள் ஓட்டும்போது எடிட்டரின் சொந்த வேலைகளே ஃபிரேமை நீட்டிக் குறைக்கும், ஆகவே கேமைத் தனியாக பில்டு செய்து ஓட்டிப் பாருங்கள். நாயகன் உலகத்தின் மையத்திலிருந்து பத்தாயிரம் மீட்டர் தள்ளிப் போன பிறகுதான் நடுங்குகிறான் என்றால் அது வேறு கதை. அந்தத் தூரத்தில் தசம எண்களின் துல்லியமே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. எந்த `Update`உம் அதற்குப் பொறுப்பில்லை.

யூனிட்டியை விட்டு கோடோட்டுக்குப் போனவர்களும் தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். அங்கே இரண்டு கடிகாரங்களின் பெயர் `_process`, `_physics_process`. இயற்பியல் தானாக நொடிக்கு 60 முறை ஓடும். இடைக்கணிப்பு 4ஆம் தலைமுறையில் இருபரிமாணத்துக்கு 4.3 பதிப்பிலும், முப்பரிமாணத்துக்கு 4.4 பதிப்பிலும்தான் வந்தது. அதையும் நாமே அமைப்பில் போய் இயக்க வேண்டும். இந்த 60 என்ற எண்ணில் ஒரு சூழ்ச்சி ஒளிந்திருக்கிறது. கேமை உருவாக்கியவரின் மேசையில் 60 ஹெர்ட்ஸ் திரை இருந்தால் இரண்டு கடிகாரமும் ஏறக்குறைய ஒத்துப்போய், உதறல் அவர் கண்ணிலேயே படாது. 144 ஹெர்ட்ஸ் திரை வைத்திருக்கும் ஆட்டக்காரர் வாங்கி ஓட்டும்போதுதான் நாயகன் உதறுவான். உருவாக்கியவரோ ‘என் கணினியில் சரியாகத்தான் ஓடுகிறது’ என்பார். அவர் சொல்வதும் உண்மைதான்.

ஆகவே கேம் செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மேசைத் திரையை மட்டும் நம்பி வெளியிடாதீர்கள். ஃபிரேம் வேகத்தை 30க்குக் கட்டிப்போட்டு ஒருமுறையும், கையில் கிடைக்கும் 90 அல்லது 120 ஹெர்ட்ஸ் போன் ஒன்றில் ஒருமுறையும், நாயகனைச் சீரான வேகத்தில் ஒரு நிமிடம் ஓடவிட்டு அவன் முகத்தின் விளிம்பையே பாருங்கள்.